எந்தக் கோடு தேவைக் கோடு?

ஒரு பொருளின் விலையும் விற்ற அளவும் தேவை, அளிப்பு என்ற இரண்டும் சேர்ந்து தீர்மானிப்பவை. சந்தைக் கணக்கேட்டில் பதிவாகும் ஒவ்வொரு விலை–அளவு இணையும் அன்றைய தேவைக் கோடும் அளிப்புக் கோடும் வெட்டிக்கொண்ட ஒரே ஒரு புள்ளிதான். கோடுகள் கண்ணில் படுவதில்லை. பல நாள் புள்ளிகளை வரைபடத்தில் இட்டு அவற்றின் நடுவே ஒரு கோட்டைப் பொருத்தினால், கிடைப்பது தேவையா, அளிப்பா, இரண்டின் கலவையா? பொருளாதார அளவையியலில் இதற்கு அடையாளங்காணல் சிக்கல் என்று பெயர்.

1914-இல் அமெரிக்கப் பொருளியலாளர் ஹென்றி மூர், ஊதுலையிலிருந்து வரும் கச்சா இரும்பின் விலையையும் உற்பத்தியையும் வைத்து ஒரு தேவைக் கோட்டை மதிப்பிட்டார். அது மேல்நோக்கி ஏறியது. விலை கூடும்போது தேவையும் கூடுகிறது என்று பொருள்படும் இந்தக் கோட்டைப் புதுவகைத் தேவை விதி என்றே அவர் கருதினார். உண்மையில் நடந்தது வேறு. தொழில் செழித்த ஆண்டுகளில் இரும்புக்கான தேவை பெருகியது, மந்த ஆண்டுகளில் சுருங்கியது. தேவைக் கோடு இப்படி முன்னும் பின்னும் நகர, வெட்டுப்புள்ளிகள் அளிப்புக் கோட்டின் மேலேயே வழுக்கிச் சென்றன. மூர் வரைந்தது பெரும்பாலும் அளிப்பின் சாயல். எந்தக் கோடு அதிகம் நகர்கிறதோ, புள்ளிகள் மற்றக் கோட்டின் வடிவத்தையே காட்டும் என்பதை எல்மர் வொர்க்கிங் 1927-இல் தெளிவாக எழுதினார்.

சிக்கலின் வேர் எங்கே என்பதை ஒரு சிறிய கற்பனைக் கணக்கு காட்டும். Q என்பது ஒரு நாளில் விற்ற மீனின் அளவு, P அதன் விலை.

தேவை: Q = 100 − 2P
அளிப்பு: Q = 10 + P

இரண்டும் சமமாகும் இடம் P = 30, Q = 40. இனி இரு சமன்பாடுகளையும் பாதிப் பாதியாகக் கலந்தால் Q = 55 − 0.5P என்று வரும். இதில் P = 30 என்று இட்டாலும் Q = 40 தான். இந்த மூன்றாவது கோட்டை வாங்குவோரும் அறியார், விற்போரும் அறியார். ஆனாலும் சந்தைப் புள்ளிக்கு அது அச்சாகப் பொருந்துகிறது, தோற்றத்திலும் தேவைச் சமன்பாட்டைப் போலவே இருக்கிறது. கலக்கும் விகிதத்தை மாற்றினால் இப்படிப் போலிகள் எண்ணற்றுப் பிறக்கும். நூறு நாள் தரவு இருந்தாலும் ஆயிரம் நாள் தரவு இருந்தாலும், உண்மையானதையும் போலியையும் பிரிக்க வழி கிடைக்காது. தரவுப் பற்றாக்குறைக்கும் இந்தச் சிக்கலுக்கும் தொடர்பில்லை.

பிரிக்கும் வழி வெளியிலிருந்து வரவேண்டும். கடலில் புயல் அடித்தால் மீன்வரத்து குறையும். மீன் வாங்குவோர் கரையில் இருப்பவர்கள், கடலில் எழும் அலை அவர்கள் விருப்பத்தை மாற்றாது. புயல் நாளுக்கு S = 1, அமைதி நாளுக்கு S = 0 என்று குறித்தால் அளிப்பு இப்படி மாறும்:

Q = 10 + P − 30S

அமைதி நாளில் பழைய விடைதான்: விலை 30, அளவு 40. புயல் நாளில் விலை 40 ஆக ஏறுகிறது, அளவு 20 ஆக இறங்குகிறது. விலை 10 கூடியபோது அளவு 20 குறைந்திருக்கிறது. ஒன்றுக்கு இரண்டு என்ற இந்த விகிதம்தான் தேவைச் சமன்பாட்டின் −2. தேவைக் கோடு அசையாமல் நிற்க, புயல் அளிப்புக் கோட்டை மட்டும் தள்ளியதால் தேவை வெளிப்பட்டது.

போலிகளின் கதியும் இப்போது மாறிவிடுகிறது. பாதிப் பாதிக் கலவை Q = 55 − 0.5P − 15S. தேவையில் S இருக்கக் கூடாது என்று முன்பே அறிந்திருப்பதால், இது தேவையாக வேடமிட முடியாது. அளிப்பாக மட்டும் வேடமிடலாம், அங்கே S-க்கு இடம் உண்டு. எனவே தேவை அடையாளங்காணப்படுகிறது, அளிப்பு காணப்படவில்லை. முதலில் இது விந்தையாகவே படும்: ஒரு சமன்பாட்டை மீட்டுத் தருவது அதற்குள் இருக்கும் மாறி அல்ல, அதில் இல்லாமல் மற்றதில் இருக்கும் மாறி.

இதை எண்ணிப் பார்க்கும் விதிதான் வரிசை நிபந்தனை. சந்தைக்குள்ளேயே தீர்மானமாகும் விலையும் அளவும் அகமாறிகள். புயல், வருமானம் போல வெளியிலிருந்து வருபவை புறமாறிகள். ஒரு சமன்பாடு அடையாளங்காணப்பட, அதிலிருந்து விலக்கப்பட்ட புறமாறிகளின் எண்ணிக்கை அதன் வலப்பக்கத்தில் உள்ள அகமாறிகளின் எண்ணிக்கைக்குக் குறையக் கூடாது. நமது தேவையின் வலப்பக்கத்தில் விலை என்ற ஒரே அகமாறி, விலக்கப்பட்டது புயல் என்ற ஒன்று: சரியாகப் போதும். அளிப்பில் விலக்கப்பட்டது எதுவுமில்லை: போதாது. வாங்குவோரின் வருமானத்தைத் தேவையில் மட்டும் சேர்த்தால் அளிப்பும் தேறிவிடும். தேவையைவிட அதிகமாக விலக்கப்பட்டிருந்தால் ஒரே கெழுவை ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளில் மதிப்பிடலாம். அந்த விடைகள் ஒன்றோடொன்று வெகுவாக முரண்பட்டால், விலக்கிய மாறிகளில் ஏதோ ஒன்று விலக்கத் தகாதது என்று சந்தேகிக்கலாம்.

எண்ணிக்கை சரியாக இருப்பது தேவையான நிபந்தனை, போதுமானது அல்ல. புயலுக்குப் பதில் மீன்வரத்தைச் சிறிதும் பாதிக்காத ஒரு மாறியை அளிப்பில் எழுதிவைத்தாலும் எண்ணிக்கை கூடும், ஆனால் அதன் கெழு பூஜ்யம் என்பதால் கோடு நகராது. விலக்கப்பட்ட மாறி மற்றச் சமன்பாட்டில் உண்மையாகவே வேலை செய்யவேண்டும் என்பதை உறுதிசெய்வது தர நிபந்தனை. ஜாலிங் கூப்மன்ஸும் கௌல்ஸ் ஆணையத்தைச் சேர்ந்தவர்களும் 1940-களில் இந்த விதிகளை முறைப்படுத்தினர். நடைமுறையில் எளிய சோதனை ஒன்று உண்டு: புயல் நாளில் விலை கண்கூடாக ஏறுகிறதா என்று முதலில் பார்ப்பது. ஏறாவிட்டால் அடுத்த கட்டக் கணக்கில் வரும் எண்ணை நம்பக் கூடாது.

மீன் கணக்கு முழுக் கற்பனை அல்ல. நியூயார்க்கின் ஃபுல்டன் மீன்சந்தையில் 1991 டிசம்பர் முதல் 1992 மே வரை ஒரு வியாபாரி விற்ற வைட்டிங் மீனின் 111 நாள் விவரத்தைப் பொருளியலாளர் கேத்ரின் கிராடி திரட்டினார். விலையையும் அளவையும் நேராகப் பொருத்தினால், விலை 1 சதவீதம் ஏறும்போது விற்பனை ஏறத்தாழ 0.54 சதவீதம் குறைவதாகத் தெரிந்தது. காற்றும் அலையும் மிகுந்த நாட்களைக் கொண்டு மதிப்பிட்டபோது அது 1.08 சதவீதம் ஆனது, அதாவது இரு மடங்கு. முதல் எண் சிறுத்ததற்குக் காரணம் மூரைத் தடுமாறவைத்த அதே சக்தி: தேவை மிகுந்த நாட்களில் விலையும் விற்பனையும் சேர்ந்தே ஏறி, சரிவை மழுங்கடித்துவிட்டன.

இங்கே எஞ்சும் ஐயம் விலக்கலைப் பற்றியது. கடலில் புயல் என்றால் நகரத்திலும் மழையோ குளிரோ இருக்கலாம், மக்கள் உணவகத்துக்குப் போகாமல் இருக்கலாம். அப்படியானால் புயல் தேவைக்குள்ளும் நுழைந்துவிடுகிறது. அதனால்தான் கரையின் மழையும் குளிரும் தனி மாறிகளாகத் தேவைச் சமன்பாட்டில் சேர்க்கப்படுகின்றன, கடலின் காற்றும் அலையும் மட்டும் வெளியே நிறுத்தப்படுகின்றன. அந்த நிறுத்தல் சரியா என்பதை வரிசை நிபந்தனை சொல்லாது. சரியாகப் போதும் அளவுக்கே மாறிகள் விலக்கப்பட்டிருக்கும்போது தரவும் சொல்லாது. மீன் எப்படிப் பிடிபடுகிறது, யார் எதற்காக வாங்குகிறார்கள் என்று அந்தச் சந்தையை அறிந்தவர்தான் அதைத் தீர்மானிக்க முடியும்.