ஹேஷ் செட்டுக்குள் ஒரு மரம்

"Aa", "BB" என்ற இரண்டு சொற்களுக்கும் ஜாவா மொழி தரும் ஹேஷ் எண் ஒன்றுதான்: 2112. முதல் எழுத்தின் எண்ணை 31ஆல் பெருக்கி, இரண்டாவது எழுத்தின் எண்ணைக் கூட்டினால் இரண்டுக்கும் அதே விடை வருகிறது. இந்த ஜோடிகளை எப்படி மாற்றிக் கோத்தாலும் ஹேஷ் எண் மாறாது. பதினாறு ஜோடிகளைக் கோத்தால் ஒரே எண் கொண்ட 65,536 சொற்கள் கிடைத்துவிடும்.

இதனால் என்ன கெடுதல்? ஜாவாவின் HashSet உள்ளே இருப்பது ஓர் அரே, அதாவது வரிசையாக எண்ணிட்ட அறைகள். ஒரு சொல் வந்ததும் அதன் ஹேஷ் எண்ணிலிருந்து அறை எண் கணக்கிடப்படுகிறது. அரே என்பதால் அந்த அறைக்கு நேராகப் போய்விடலாம். ஒரே அறைக்கு இரண்டு சொற்கள் வந்தால் அவை லிங்க்டு லிஸ்டாக ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்படும். முக்கால்வாசி நிரம்பியதும் அரே இரட்டிப்பாகிவிடுவதால், வழக்கமாக ஓர் அறையில் ஒன்றிரண்டு சொற்களுக்கு மேல் சேர்வதில்லை.

ஆனால் அந்த 65,536 சொற்களும் ஒரே அறையில்தான் விழும். புதிதாக வரும் ஒவ்வொன்றும் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்க்க, சங்கிலியைக் கடைசிவரை நடந்தாக வேண்டும். மொத்தம் 200 கோடிக்கும் மேற்பட்ட ஒப்பீடுகள். இணையப் படிவம் ஒன்றில் இப்படிப்பட்ட பெயர்களை நிரப்பி அனுப்பியே சர்வரைத் திணறடிக்கலாம் என்று 2011 டிசம்பரில் பெர்லினில் நடந்த கேயாஸ் கம்யூனிகேஷன் காங்கிரஸில் அலெக்சாண்டர் கிளிங்க், யூலியான் வெல்டே இருவரும் விளக்கினார்கள்.

2014இல் வந்த ஜாவா 8 இதற்கு வைத்த மருந்து பேலன்ஸ்டு ட்ரீ. ஓர் அறையின் சங்கிலி 8ஐத் தாண்டினால் அது சிவப்பு-கறுப்பு மரமாக மாறும். அரேயில் 64 அறைகள்கூட இல்லையென்றால் மட்டும், மரத்துக்குப் பதில் அரேயே பெரிதாக்கப்படும். மரத்தில் ஒரு சொல்லைத் தேட ஏறக்குறைய பதினாறு ஒப்பீடுகள் போதும்; 200 கோடி வேலை 10 லட்சத்தை ஒட்டி இறங்கிவிடுகிறது.

அப்படியானால் முதலிலிருந்தே மரம் வைக்கலாமே? மரத்தின் ஒவ்வொரு கணுவும் லிஸ்ட் கணுவைப் போல ஏறக்குறைய இரு மடங்கு நினைவகம் பிடிக்கும். ஹேஷ் எண்கள் நன்றாகப் பரவியிருந்தால் ஓர் அறையில் 8 சொற்கள் சேரும் வாய்ப்பு கோடியில் ஒன்றுகூட இல்லை. மூன்று நான்கு சொற்களுக்கு லிஸ்டே லாபம்.

HashSetஇல் வரிசை கிடையாது. "14:00 மணிக்குப் பிறகு வரும் முதல் பேருந்து எது?" என்று அதனிடம் கேட்டால் எல்லா நேரங்களையும் புரட்ட வேண்டியிருக்கும். முழுக்க மரத்தால் ஆன TreeSet சில தாவல்களில் பதில் தரும். அட்டவணை மாறவே மாறாது என்றால், வரிசைப்படுத்திய அரேயில் பாதி பாதியாகத் தேடினாலும் அதே விடை, அதைவிடக் குறைந்த நினைவகத்தில் கிடைக்கும். நடுவில் பேருந்துகள் சேர்ந்தும் நீங்கியும் வந்தால், ஒவ்வொரு முறையும் அரேயில் பின்னால் உள்ளவற்றையெல்லாம் நகர்த்த வேண்டும். அங்கே மரம்தான் மலிவு.