பைக் பயணமும் கலையாத சட்டையும்

பைக்கில் உட்கார்ந்து ஹேண்டில்பாரைப் பிடித்தால் கைகள் முன்னால் நீள்கின்றன, முதுகு வளைகிறது. தோளிலிருந்து இடுப்பு வரையுள்ள தூரம் பின்பக்கத்தில் கூடிவிடுகிறது. அதற்கு வேண்டிய துணியைச் சட்டை பேன்ட்டுக்குள்ளிருந்துதான் இழுத்துக்கொள்கிறது. இறங்கி நிமிர்ந்ததும் வெளியே வந்த துணி தானாக உள்ளே போவதில்லை. பெல்ட்டுக்கு மேல் தொங்கி நிற்கிறது. வெயில் காலத்தில் வேர்வையில் நனைந்த சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்வதால், உடம்பு அசையும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் மேலேறுகிறது.

ஆகவே டக் இன் செய்த சட்டை நிற்பதற்கு, முதலில் அதன் நீளம் போதுமானதாக இருக்க வேண்டும். வெளியே விட்டு நிற்கும்போது பின்பக்க ஓரம் பிட்டத்தை முழுதாக மூடினால் அது பைக்குக்கு ஏற்ற சட்டை. வெளியே விட்டு உடுத்துவதற்கென்றே குட்டையாகத் தைக்கப்படும் சட்டைகள் எவ்வளவு இறுக்கினாலும் வெளியே வந்துவிடும். பேன்ட் லோ வெய்ஸ்ட்டாக இருந்தாலும் இதே தொல்லைதான். உட்காரும்போது அதன் பின்பக்கம் கீழிறங்கி, துணியைப் பிடிக்க ஒன்றும் இல்லாமல் போகிறது.

அடுத்தது உள்ளே விடும் முறை. உள்ளே ஒரு பருத்தி பனியன் இருந்தால் வேர்வையை அது உறிஞ்சிக்கொள்ளும். சட்டை தோலில் ஒட்டாது. சட்டையை உள்ளே விட்ட பிறகு, இரு பக்கத் தையலிலும் மிஞ்சும் துணியை விரலால் பிடித்து, பின்பக்கமாக மடித்து, மடிப்பின் மேல் பெல்ட்டைப் போட வேண்டும். அந்த மடிப்புதான் சட்டையைப் பக்கவாட்டில் உப்பவிடாமல் பிடித்துவைக்கும். பேன்ட் இடுப்புப் பட்டியின் உட்புறத்தில் ரப்பர் பட்டை தைத்திருந்தால் பிடிப்பு இன்னும் கூடும். ஆனால் கடும் வெயிலில் அது தோலை உறுத்தக்கூடும். பனியனுக்கு மேல் படும்படி உடுத்துவது நல்லது.

பேன்ட்டின் கதை வேறு. சாலைப் புழுதி உலர்ந்திருக்கும்வரை வெறும் தூசிதான்; ஈரம் பட்டால்தான் அது கறையாகிறது. இரவெல்லாம் வெளியே நின்ற வண்டியின் சீட்டில் தூசி படிந்திருக்கும். துடைக்காமல் ஏறினால் தூசியும் தொடை வேர்வையும் கலந்து, பேன்ட்டின் பின்பக்கத்தில் பழுப்புத் திட்டு விழும். சீட்டையும், முழங்கால் உரசும் பெட்ரோல் டேங்கின் பக்கங்களையும் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு ஏறினால் பெரும்பகுதி அழுக்கு ஒட்டாது. வழியில் தொடையில் படியும் புழுதியைத் தண்ணீர் தொட்டுத் துடைப்பது தவறு. சேறாகி நூலுக்குள் இறங்கிவிடும். உலர்ந்த கையால் அல்லது சிறு பிரஷால் தட்டிவிடுவதே சரி. நிறத்திலும் கவனம் வேண்டும்: கறுப்பில் புழுதியும், வெளிர் நிறத்தில் எண்ணெயும் பளிச்சென்று தெரியும். நடுத்தரச் சாம்பலும் காக்கி நிறமும் இரண்டையும் ஓரளவு மறைக்கும்.

தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலை வழியாகக் கிண்டிக்குப் போகும் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். கிளம்பும் முன் சீட்டைத் துடைக்கிறார். ஏறி உட்கார்ந்ததும் ஹேண்டில்பாரைப் பிடித்து ஒருமுறை முன்னால் சாய்கிறார். சட்டை தனக்கு வேண்டிய துணியை அப்போதே எடுத்துக்கொள்கிறது. சட்டைக்கு மேல் மெல்லிய முழுக்கைப் பருத்திச் சட்டை ஒன்றைப் போட்டுப் பொத்தான் இட்டிருப்பதால் குரோம்பேட்டை, பல்லாவரம் புழுதியும் பஸ் புகையும் அதோடு நின்றுவிடுகின்றன. கிண்டியில் இறங்கியதும் மேல்சட்டையைக் கழற்றி உதறுகிறார், பேன்ட்டைத் தட்டிவிடுகிறார். பெல்ட்டை ஒரு துளை தளர்த்தி, பின்பக்கத் துணியை மட்டும் உள்ளே தள்ளி, மறுபடி இறுக்குகிறார். இந்தக் கடைசி வேலையை எந்த முறையாலும் முழுதாகத் தவிர்க்க முடியாது.

அவருடைய இடது கால் ஓரத்தில் கறுப்புக் கோடு ஒன்று தெரிந்தால் அது செயின் எண்ணெய். நம் நாட்டில் ஓடும் பெரும்பாலான பைக்குகளில் செயின் இடப்பக்கம்தான் இருக்கிறது. முழுக் கவர் உள்ள வண்டியில் இந்தக் கறை அரிது. திறந்த செயின் என்றால் பேன்ட்டின் கீழ் ஓரத்தை ஒரு சுற்று மடித்துவிட்டு ஓட்ட வேண்டும். செயினுக்கு எண்ணெய் விட்ட அன்று, மிஞ்சியதைத் துணியால் துடைத்துவிடுவதும் அவசியம்.

கறை பட்டுவிட்டால் தேய்க்கவோ நனைக்கவோ கூடாது, பரவும். உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்து, முகப் பவுடரைத் தூவி, 20 நிமிடம் விட்டுத் தட்ட வேண்டும். பவுடர் எண்ணெயின் ஒரு பகுதியை உறிஞ்சிவிடும். வீட்டில் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கறையில் விட்டு, மெல்லக் கசக்கி, பிறகு வழக்கம்போல் துவைக்கலாம். பழைய எண்ணெயில் கலந்திருக்கும் இரும்புத்தூளும் கரியும் ஒரே துவைப்பில் போகாது. காய்ந்த பிறகு நிழல்போல் ஏதாவது தெரிந்தால் மறுபடியும் இதையே செய்ய வேண்டும். அதுவரை பேன்ட்டை இஸ்திரி போடக் கூடாது. சூடு பட்ட எண்ணெய்க் கறையை அகற்றுவது மிகவும் கடினம்.