பீட்ரூட் வெளுக்காம, கேரட் சிவக்காம... பொரியல் ரகசியம்! கைக்கறை போக்க டிப்ஸ்

பீட்ரூட்டும் கேரட்டும் சேர்த்து பொரியல் செய்தால் கடைசியில் எல்லாமே ஒரே சிவப்பாகி விடுகிறது என்பது இல்லத்தரசிகள் பலரின் புலம்பல். கூடவே வேகும்போது பீட்ரூட் வெளுத்துப் போகிறது. இதற்கு காரணம் ரொம்ப சிம்பிள். பீட்ரூட்டின் நிறம் தண்ணீரில் கரையும். கேரட்டின் நிறம் எண்ணெயில் கரையும். இரண்டையும் தனித்தனியாக வேக வைத்தால் பிரச்சினை தீர்ந்தது.

கால் கிலோ பீட்ரூட்டை தோல் சீவாமல், காம்பை ஒரு அங்குலம் விட்டு, வாலையும் நறுக்காமல் முழுசாக குக்கரில் போடுங்கள். நடுத்தர காய்க்கு 4 விசில் போதும். ஆறியதும் கட்டை விரலால் தள்ளினாலே தோல் உரிந்து வரும். குக்கர் தண்ணீர் லேசான ரோஸ் கலரில் இருந்தால் நிறம் காய்க்குள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம். ரத்தச் சிவப்பாக இருந்தால் காய் எங்கேயோ வெட்டுப்பட்டிருக்கிறது. அந்த தண்ணீரை கொட்டாதீங்க, சப்பாத்தி மாவு பிசையலாம்.

சீக்கிரம் வேகட்டும் என்று சோடா உப்பு போட்டால் நிறம் கெட்டு பழுப்பாகி விடும். புளிப்புதான் பீட்ரூட் நிறத்தை பிடித்து வைக்கும். ஆனால் எலுமிச்சையை முதலிலேயே பிழிந்தால் காய் வேகாமல் நறுக் நறுக்கென்று இருக்கும். வெந்த பிறகுதான் பிழிய வேண்டும்.

அடுத்து, கால் கிலோ கேரட்டை பொடியாக நறுக்கி, 2 ஸ்பூன் எண்ணெயில் கடுகு, உளுந்து தாளித்து வதக்கவும். உப்பு போட்டு, கொஞ்சமாக தண்ணீர் தெளித்து, சிறு தீயில் மூடி வேக விடவும். தண்ணீர் சுண்டியதும் நறுக்கிய பீட்ரூட், அரை ஸ்பூன் எலுமிச்சை சாறு, தேங்காய்ப்பூ சேர்த்து ஒரே ஒரு புரட்டு. உடனே இறக்கிடுங்க. பீட்ரூட் பட்ட இடத்தில் மட்டும் கேரட் லேசாக சிவக்கும். மற்றபடி ஆரஞ்சு தனியாக, சிவப்பு தனியாக தெரியும்.

இனி கறை விஷயம். பீட்ரூட் நறுக்கும் முன் கையில் துளி தேங்காய் எண்ணெய் தடவினால் கறை ஒட்டாது. ஒட்டி விட்டால் பச்சைத் தண்ணீரில் உடனே கழுவி, உப்பும் எலுமிச்சை மூடியும் வைத்து தேய்க்கவும். மரப்பலகைக்கும் இதே வைத்தியம்தான்.

கேரட் கறைக்கு எலுமிச்சை பலிக்காது. எண்ணெய் தடவி, துணியால் துடைத்து, பிறகு சோப்பு போட வேண்டும். பிளாஸ்டிக் பலகையில் மஞ்சள் தங்கினால் ஒரு நாள் வெயிலில் வையுங்க, தானாக மங்கிடும்.

ஒரு எச்சரிக்கை: பிளீச்சிங் பவுடரோடு எலுமிச்சையோ வினிகரோ சேர்க்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பி மூச்சு திணறும். கறை போகாவிட்டால் போகட்டும், அந்த விஷப்பரீட்சை மட்டும் வேண்டாம்!