சாப்பிடாதபோதும் சர்க்கரை ஏறுவது ஏன்?

படுக்கப் போகும்போது 140. விடிந்ததும் வெறும் வயிற்றில் பார்த்தால் 165. இடையில் தண்ணீரைத் தவிர எதுவும் வயிற்றுக்குள் போகவில்லை. அப்படியானால் கூடுதல் சர்க்கரை எங்கிருந்து வந்தது? சர்க்கரை நோயாளிகள் பலரைக் குழப்பும் இந்தக் கேள்விக்கு விடை கல்லீரலில் இருக்கிறது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. பெரியவர் ஒருவரின் உடலில் சுமார் 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. சர்க்கரை அளவு 100 என்றால், 100 மில்லி ரத்தத்தில் 100 மில்லிகிராம் குளுக்கோஸ் என்று பொருள். மொத்த ரத்தத்துக்கும் கணக்கிட்டால் வெறும் 5 கிராம், ஏறத்தாழ ஒரு டீஸ்பூன். நான்கு இட்லியில் ஏறக்குறைய 40 கிராம் மாவுச்சத்து உண்டு. அது முழுவதும் குளுக்கோஸாகி ரத்தத்திலேயே தங்கினால் அளவு 900ஐத் தொடும். ஆரோக்கியமான உடலில் சாப்பிட்ட பிறகும் அது பெரும்பாலும் 140க்குள் நிற்கிறது. இன்சுலின் செய்யும் வேலை இது.

கணையத்தின் பீட்டா செல்கள் சுரக்கும் இன்சுலின், தசை செல்களும் கொழுப்புச் செல்களும் குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்ள வழி செய்கிறது. பலரும் அறிந்தது இது. அதே அளவுக்கு முக்கியமான இன்னொரு வேலையும் அதற்கு உண்டு. கணையத்திலிருந்து கிளம்பும் ரத்தம் நேராகக் கல்லீரலுக்குத்தான் போகிறது. அங்கே இன்சுலின், ‘சேமித்து வை, வெளியே விடாதே’ என்று கட்டளையிடுகிறது.

கல்லீரல் உடலின் நெற்குதிர். சாப்பிட்டதும் குளுக்கோஸைக் கிளைகோஜனாக மாற்றி, 100 கிராம் அளவுக்குச் சேர்த்து வைக்கும். தூங்கும்போதும் மூளைக்கு குளுக்கோஸ் வேண்டும் என்பதால், கணையத்தின் இன்னொரு ஹார்மோனான குளுகோகான் அந்தச் சேமிப்பைத் திறந்துவிடும். புரதத்திலிருந்து புதிய குளுக்கோஸையும் கல்லீரல் தயாரிக்கும். அளவு மீறாமல் பார்த்துக்கொள்வது, இரவெல்லாம் சிறிதளவு சுரந்துகொண்டிருக்கும் இன்சுலின்தான்.

அந்தத் தடை இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை 1922இல் டொரோண்டோ பொது மருத்துவமனையில் கிடந்த லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனிடம் பார்க்கலாம். இன்று டைப் 1 எனப்படும் நோய் அவனுக்கு. இந்த நோயில் பீட்டா செல்களை உடலின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிடுகிறது. அன்றைய வழக்கப்படி பட்டினிக்குச் சற்றே மேலான உணவுதான் அவனுக்குத் தரப்பட்டது. உடல் எலும்பும் தோலுமாக இருந்தது. ஆனாலும் ரத்தச் சர்க்கரை 520! அவனுடைய தசைப் புரதத்தைக் கரைத்தே கல்லீரல் குளுக்கோஸ் தயாரித்துக்கொண்டிருந்தது. எரிபொருளுக்காகக் கொழுப்பும் சிதைந்து, கீட்டோன் அமிலமாக ரத்தத்தில் சேர்ந்தது.

ஜனவரி 11இல் போட்ட முதல் ஊசி பெரிதாகப் பலன் தரவில்லை. மருந்தில் கசடு அதிகம். ஜேம்ஸ் காலிப் சுத்திகரித்த இன்சுலினை ஜனவரி 23இல் போட்டார்கள். ஒரே நாளில் 520 என்பது 120 ஆனது. லியோனார்ட் அதன்பின் 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.

நம்மிடையே அதிகம் காணப்படும் டைப் 2இல் இன்சுலின் அறவே இல்லாமல் போவதில்லை. ஆனால் தசையும் கல்லீரலும் அதன் பேச்சைச் சரியாகக் கேட்பதில்லை. ஈடுகட்டக் கணையம் அதிகமாகச் சுரந்து, ஆண்டுகள் போகப் போகத் தளர்கிறது. கல்லீரலோ, சாப்பிட்ட பிறகும் இரவிலும் தேவைக்கு மேல் குளுக்கோஸை விட்டுக்கொண்டே இருக்கும். விடியற்காலையில் உடலை எழுப்பத் தயாராகும் கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்கள் அதை இன்னும் தூண்டும். பலருக்கும் முதலில் எழுதித் தரப்படும் மெட்ஃபார்மின், முக்கியமாகக் கல்லீரலின் இந்த உற்பத்தியைத்தான் குறைக்கிறது.

வெறும் வயிற்றில் 100க்குக் கீழே இருப்பது இயல்பு. 126ஐத் தொட்டால், இன்னொரு நாள் மறுபரிசோதனை செய்து சர்க்கரை நோயை உறுதி செய்வார்கள். ரத்தத்தில் 180ஐத் தாண்டும்போது சிறுநீரகத்தால் முழுவதையும் தடுத்து வைக்க முடியாமல், சர்க்கரை சிறுநீரில் இறங்கும். கூடவே தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போவதால்தான் அடிக்கடி சிறுநீரும் அடங்காத தாகமும்.

காலை அளவு தொடர்ந்து ஏறினால் படுக்கும்போது, அதிகாலை 3 மணிக்கு, எழுந்ததும் என மூன்று வேளை ஓரிரு நாள் பார்த்து எழுதிவைக்கலாம். படுக்கும்போதே அதிகமென்றால் இரவு உணவைக் கவனிக்க வேண்டும். 3 மணிக்குச் சரியாக இருந்து விடியலில் ஏறினால் அது கல்லீரலின் வேலை. இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவருக்கு 3 மணிக்கு 70க்கும் கீழே போயிருந்தால் நிலைமையே வேறு: காலை எண்ணை மட்டும் பார்த்து மருந்தைக் கூட்டினால் இரவில் சர்க்கரை இன்னும் தாழ்ந்து ஆபத்தாகும். அளவை மாற்றும் முன் மருத்துவருக்குத் தேவைப்படுவது இந்த மூன்று எண்களும்தான்.