செயலியை நீக்கினாலும் தொடரும் பிடித்தம்

"செயலியையே நீக்கிவிட்டோம், பிறகும் கணக்கிலிருந்து பணம் பிடிக்கப்படுகிறதே?" என்று வாடிக்கையாளர்கள் எங்களிடம் கேட்பதுண்டு. யுபிஐ ஆட்டோபே என்னும் தானியங்கிக் கட்டண முறை 2020 ஜூலையில் அறிமுகமானது. இதில் தாங்கள் ஒருமுறை யுபிஐ பின் எண்ணை உள்ளிட்டு அளிக்கும் ஒப்புதல், தங்கள் வங்கிக் கணக்கின்மீது பதிவாகிறது. எனவே கைபேசியிலிருந்து செயலியை நீக்குவதால் அந்த ஒப்புதல் நீங்குவதில்லை.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். மாரிக்குப்பத்திலிருந்து நாள்தோறும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குச் செல்லும் ஒருவர், பயணத்தில் படம் பார்ப்பதற்காக ஒரு செயலியில் ஒரு ரூபாய் சோதனைச் சந்தா எடுக்கிறார். ஒப்புதல் திரையில் மாதம் ஒருமுறை, உச்சத்தொகை 299 ரூபாய் என்றும் இருக்கிறது. அவர் கவனித்தது ஒரு ரூபாயை மட்டுமே. சில நாட்களில் படச் செயலியை நீக்கிவிடுகிறார். அடுத்த மாதம் 299 ரூபாய் பிடிக்கப்படுகிறது.

அவர் செய்திருக்க வேண்டியது இதுவே. ஒப்புதல் அளித்த கட்டணச் செயலியைத் திறந்து, தமது விவரப் பக்கத்தில் `Autopay` அல்லது `Mandates` என்னும் பகுதிக்குச் செல்ல வேண்டும். நடப்பிலுள்ள ஒப்புதல்களில் அந்நிறுவனத்தின் பெயரைத் தேர்ந்தெடுத்து, `Cancel` அல்லது `Revoke` என்பதை அழுத்தி, யுபிஐ பின் எண்ணை உள்ளிட வேண்டும். `Pause` என்பது தற்காலிக நிறுத்தம் மட்டுமே. ரத்தானதைக் காட்டும் திரையைப் படமெடுத்து வைத்துக்கொள்வது நன்று. கட்டணச் செயலியையே நீக்கியிருந்தால், அதே கைபேசி எண்ணைக் கொண்டு அதனை மீண்டும் நிறுவிப் பார்க்கலாம். இயலாவிடில் வங்கிக் கிளையை அணுகலாம். பண அட்டையின்மீது அளித்த ஒப்புதல் இப்பட்டியலில் வராது; அதனை அட்டை வழங்கிய வங்கியின் வழியே ரத்து செய்ய வேண்டும்.

ரத்து செய்வதற்கு உரிய காலமும் முக்கியம். ஒவ்வொரு பிடித்தத்திற்கும் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக, நிறுவனத்தின் பெயர், தொகை, நாள் ஆகியவற்றுடன் அறிவிப்பு வரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் பொது விதி. விளம்பரக் குறுஞ்செய்தி என்றெண்ணி அதனைக் கடந்துவிடாமல், வேண்டாத சந்தாவாயின் அன்றே ரத்து செய்தல் வேண்டும். ஏற்கெனவே பிடிக்கப்பட்ட தொகை, ரத்து செய்வதால் தானாகத் திரும்பி வராது.

ஒப்புதலை ரத்து செய்வது, நிறுவனத்துடனான உடன்பாட்டை முடிப்பதாகாது. சந்தாவாயின் அந்தச் செயலியிலும் தனியாக நிறுத்த வேண்டும். கடன் தவணையாயின், தவணை நிலுவையாகவே நிற்கும். உரிய நாளில் வேறு வழியில் செலுத்தாவிடில் அபராதமும் சேரக்கூடும்.

ரத்து செய்த பின்னரும் பணம் பிடிக்கப்பட்டால், கட்டணச் செயலியில் அப்பரிவர்த்தனையைத் திறந்து புகார் பதிவு செய்யலாம். அல்லது பரிவர்த்தனை எண், ரத்தான திரையின் படம் ஆகியவற்றுடன் கிளையில் எழுத்துமூலம் புகார் அளித்து, அதற்கான எண்ணைப் பெற்றுக்கொள்ளலாம். வங்கியிடம் அளித்த புகாருக்கு 30 நாட்களுக்குள் பதில் கிடைக்காவிடில், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம்.