இரண்டாவது மில்லிநொடியில் யார் முந்தி?

அண்ணா பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியல் மாணவர்கள் எழுதும் இயங்குதளத் தாளில் 13 மதிப்பெண் கேள்வி ஒன்று அடிக்கடி தலைகாட்டும். மூன்று நான்கு வேலைகள், ஒவ்வொன்றும் எப்போது வந்து சேர்கிறது, அதற்கு எவ்வளவு நேரம் சிபியு தேவை என்று ஒரு சிறு அட்டவணை கொடுத்திருப்பார்கள். எந்த வேலை எப்போது ஓடும், எது எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்று மாணவர் பேனாவும் ஸ்கேலும் வைத்துக் கோடு போட்டுக் காட்ட வேண்டும். கூட்டல், கழித்தல், மூன்றால் வகுத்தல் தெரிந்தால் போதும். ஆனாலும் விதியைச் சரியாகப் படித்த இருவர் இரண்டு வெவ்வேறு விடைகளோடு அறையைவிட்டு வெளியே வர முடியும்.

அது எப்படி என்று பார்க்க ஒரு சின்னக் கணக்கே போதும். பி1 என்ற வேலை 0-வது மில்லிநொடியில் வருகிறது, அதற்கு 5 மில்லிநொடி சிபியு வேண்டும். பி2 ஒரு மில்லிநொடி கழித்து வருகிறது, அதற்கு 3 வேண்டும். பி3 வருவது 2-இல், வேண்டியது 1 மட்டுமே. சிபியு ஒன்றுதான், ஒரு சமயத்தில் ஒரு வேலையைத்தான் அது பார்க்கும்.

முதலில் வந்தவருக்கு முதலில் என்பது ரேஷன் கடை வரிசையின் விதி. பி1 0 முதல் 5 வரை ஓடும், பி2 8-இல் முடியும், பி3 9-இல் முடியும். பி1 காத்திருக்கவே இல்லை. 1-இல் வந்த பி2-வுக்கு 5-இல்தான் சிபியு கிடைத்தது, ஆகவே 4 மில்லிநொடி காத்திருப்பு. ஒரே ஒரு மில்லிநொடி வேலையோடு வந்த பி3 காத்திருந்ததோ 6. சராசரி 10-ஐ 3-ஆல் வகுத்தால் 3.33. சிறிய வேலை பெரிய வேலையின் முதுகுக்குப் பின்னால் மாட்டிக்கொள்வதுதான் இந்த முறையின் பழைய நோய்.

மருந்தும் பழையதுதான்: குறைந்த நேரம் பிடிக்கும் வேலையை முதலில் விடு. பி1 ஓடத் தொடங்கிவிட்டதால் அதை 5 வரை முடிக்க விட்டு, பிறகு பி3, அதன் பிறகு பி2 என்று போனால் காத்திருப்பு 0, 3, 5 என்று ஆகும். சராசரி 2.67-க்கு இறங்குகிறது. ஓடிக்கொண்டிருப்பதை இடையிலேயே நிறுத்தலாம் என்று அனுமதித்தால் இன்னும் இறங்கும். 1-இல் பி2 வரும்போது பி1-க்கு மீதி 4, பி2-வுக்கு 3. எனவே பி1 இறங்க, பி2 ஏறுகிறது. 2-இல் பி3 வந்து அதையும் இறக்கிவிட்டு 3-இல் முடிகிறது. பி2 5-இல் முடிய, பி1 9-இல் கடைசியாக முடிகிறது. காத்திருப்பு 4, 1, 0. சராசரி 1.67.

இந்த எண்ணைப் பார்த்துவிட்டு, எல்லாக் கணினியிலும் இதையே வைத்துவிடலாமே என்று தோன்றும். தேர்வுத்தாளில் 5, 3, 1 என்று அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள், அதனால் மாணவருக்குத் தெரியும். நிஜ இயங்குதளத்துக்கு அந்த எண்களை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஒரு வேலை இதற்கு முன்பு எவ்வளவு நேரம் சிபியுவைப் பிடித்திருந்தது என்பதை வைத்து ஊகிக்கத்தான் முடியும்.

ஊகமே வேண்டாம், ஆளுக்குக் கொஞ்சம் நேரம் என்று பங்கு போட்டுச் சுற்றிவரலாம் என்பது ரவுண்ட் ராபின். அமெரிக்காவின் எம்ஐடியில் 1961-இல் செய்துகாட்டப்பட்ட சிடிஎஸ்எஸ் போன்ற நேரப்பகிர்வு முறைகளின் அடிப்படை எண்ணமும் இதுதான்: ஒரே இயந்திரத்தின் முன் பலர் உட்கார்ந்திருக்க, ஒவ்வொருவருக்கும் அது தனக்கே உழைப்பதுபோலத் தெரிய வேண்டும். நம் கணக்கில் ஒரு பங்கு 2 மில்லிநொடி என்று வைத்துக்கொள்வோம்.

பி1 0 முதல் 2 வரை ஓடுகிறது. அதன் பங்கு தீர்ந்தது, இன்னும் 3 மீதி, வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். அதே 2-வது மில்லிநொடியில்தான் பி3 புதிதாக வாசலில் வந்து நிற்கிறது. பி2 ஏற்கெனவே வரிசையில் முதலாவதாக இருக்கிறது. அதற்குப் பின்னால் நிற்பது பி3-ஆ, பி1-ஆ? விடை இரண்டாகப் பிரிவது இந்தக் கணத்தில்தான். புதிதாக வந்தவருக்கு முன்னிடம் என்றால் ஓட்டம் இப்படி அமையும்:

```
0 பி1 2 பி2 4 பி3 5 பி1 7 பி2 8 பி1 9
```

காத்திருப்பு 4, 4, 2. சராசரி 3.33. இறங்கிவந்த பி1-க்கு முன்னிடம் என்றாலோ:

```
0 பி1 2 பி2 4 பி1 6 பி3 7 பி2 8 பி1 9
```

பி1-க்கும் பி2-வுக்கும் ஒன்றும் மாறவில்லை. பி3 மட்டும் 2-க்குப் பதில் 4 மில்லிநொடி காத்திருக்கிறது. சராசரி 4. கூட்டல் தவறு எங்கும் இல்லை, ஆனால் விடைத்தாளில் எண் வேறு. பாடங்களில் புதியவருக்கு முன்னிடம் தரும் வழக்கம் பரவலாக இருக்கிறது. இருந்தாலும் எந்த வழக்கத்தைக் கையாள்கிறோம் என்று விடையின் முதல் வரியிலேயே எழுதிவிடும் மாணவர் கெட்டிக்காரர். திருத்துபவர் கையில் இருக்கும் விடைக்குறிப்பில் 3.33 என்று இருந்து, தாளில் 4 என்று இருந்தால், அந்த ஒரு வரிதான் பேசும்.

இன்னொன்றையும் கவனிக்கலாம். ரவுண்ட் ராபினில் கிடைத்த 3.33-உம் ரேஷன் வரிசையில் கிடைத்த 3.33-உம் ஒரே எண்தான். அப்படியானால் சுற்றிச் சுற்றி வந்ததில் லாபமே இல்லையா? லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு வேலை வந்த பிறகு முதன்முதலாகச் சிபியுவைத் தொடும் வரை எவ்வளவு நேரம் என்று கணக்கிட்டால், ரேஷன் வரிசையில் அது 0, 4, 6. முதல் ரவுண்ட் ராபின் ஓட்டத்தில் 0, 1, 2. விசைப்பலகையைத் தட்டிவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதருக்குத் தெரிவது இந்த எண்தான். சராசரிக் காத்திருப்பு அதைக் காட்டாது.

சிபியுவின் நேரத்தைப் பங்கிடுவது முதல் பாதி. நினைவகத்தின் இடத்தைப் பங்கிடுவது மறு பாதி. இங்கே கேள்வி யார் உள்ளே வருவது என்பதைவிட, யாரை வெளியே அனுப்புவது என்பது. மான்செஸ்டரில் 1962-இல் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினி, நிரலைச் சம அளவுத் துண்டுகளாக வெட்டி, தேவைப்படும் துண்டை மட்டும் முதன்மை நினைவகத்தில் வைத்துக்கொண்டது. துண்டுக்குப் பேஜ் என்று பெயர், அது உட்காரும் இடத்துக்கு ஃபிரேம். கேட்ட பேஜ் நினைவகத்தில் இல்லையென்றால் பேஜ் ஃபால்ட். வட்டிலிருந்து அதைக் கொண்டுவர வேண்டும், இடமில்லையென்றால் ஒன்றை வெளியே தள்ள வேண்டும்.

பாடப்புத்தகங்களில் நிரந்தரமாகக் குடியேறிவிட்ட ஒரு வரிசை இருக்கிறது: 1, 2, 3, 4, 1, 2, 5, 1, 2, 3, 4, 5. நிரல் இந்த ஒழுங்கில் பேஜ்களைக் கேட்கிறது. முதலில் வந்ததை முதலில் வெளியேற்றும் ஃபிஃபோ முறையில், 3 ஃபிரேம்களோடு தொடங்கலாம். 1, 2, 3 மூன்றும் ஃபால்ட். 4 வரும்போது 1 வெளியே போகிறது. அடுத்து 1-ஐயே கேட்கிறார்கள், 2 போகிறது. உடனே 2 வேண்டும், 3 போகிறது. 5 வர, 4 போகிறது. இப்போது உள்ளே இருப்பவை 1, 2, 5. அடுத்த இரண்டு கேள்விகளும் 1, 2 என்பதால் ஃபால்ட் இல்லை. பின் 3, 4 இரண்டும் ஃபால்ட், கடைசி 5 கையிலேயே இருக்கிறது. மொத்தம் 9.

ஃபிரேம்களை 4 ஆக்கினால் குறையத்தானே வேண்டும்? முதல் நான்கும் ஃபால்ட். அடுத்த 1, 2 இரண்டும் உள்ளேயே இருக்கின்றன, நல்ல தொடக்கம். பிறகு 5 வருகிறது. உள்ளே வந்தவற்றில் மிகப் பழையது 1, அது போகிறது. அடுத்த கேள்வி 1. இப்போது 2 போகிறது, அடுத்த கேள்வி 2. அங்கிருந்து கடைசி வரை எதை வெளியே தள்ளினாலும் அடுத்த நொடி அதையே கேட்கிறார்கள். மொத்தம் 10. இடத்தைக் கூட்டியதால் ஃபால்ட் கூடியது. ஐபிஎம் ஆய்வாளர் லாஸ்லோ பெலாடி, நெல்சன், ஷெட்லர் மூவரும் 1969-இல் இதை எழுதி வெளியிட்டார்கள். பெலாடியின் பெயரே இதற்கு ஒட்டிக்கொண்டது.

காரணத்தை 5 வந்து உட்கார்ந்த கணத்தில் இரண்டு ஓட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். சிறிய நினைவகத்தில் இருப்பவை 1, 2, 5. பெரியதில் 2, 3, 4, 5. சிறியதில் இருக்கும் 1 பெரியதில் இல்லை. 4 ஃபிரேம் ஓட்டத்தில் 1-ஐ மறுபடியும் தொட்டபோது ஃபால்ட் ஆகவில்லை. ஃபால்ட் ஆகாததால் அதன் வயதும் புதுப்பிக்கப்படவில்லை. ஃபிஃபோ வந்த தேதியை மட்டுமே பார்க்கும், பயன்பட்ட தேதியைப் பார்க்காது.

நெடுநேரமாகத் தொடப்படாததை வெளியேற்றும் எல்ஆர்யூ முறை பயன்பட்ட தேதியைப் பார்க்கிறது. இதே வரிசைக்கு அது 4 ஃபிரேமில் 8 ஃபால்ட்டோடு முடிகிறது. 4 ஃபிரேம் என்றால் கடைசியாகத் தொட்ட நான்கு பேஜ்கள் உள்ளே இருக்கும், அவற்றில் கடைசி மூன்றும் அடங்கிவிடும். அதனால் இடம் கூடினால் எல்ஆர்யூவில் ஃபால்ட் ஒருபோதும் கூடாது. மாட்சனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1970-இல் இதைப் பொதுவான பண்பாக நிறுவினார்கள். ஆனால் 3 ஃபிரேமில் எல்ஆர்யூ தருவது 10, ஃபிஃபோவோ 9. எல்ஆர்யூ எப்போதும் ஃபிஃபோவைவிட மேல் என்று மனப்பாடம் செய்துகொண்டு வந்து, 10 என்ற விடையைப் பார்த்ததும் தவறென்று அடித்துவிட்டால், சரியான விடைதான் போகும்.

விடையைச் சோதிக்க வேறு வழி உண்டு. வரிசையில் உள்ள வெவ்வேறு பேஜ்கள் 5, ஒவ்வொன்றும் ஒரு முறையாவது வெளியிலிருந்து வந்தாக வேண்டும், எனவே 5-க்குக் குறைவாக விடை வரவே முடியாது. எதிர்காலத்தை அறிந்து, இனி வெகுநேரம் தேவைப்படாததை வெளியேற்றும் உகந்த முறை 3 ஃபிரேமில் 7, 4 ஃபிரேமில் 6 தருகிறது. எந்த முறைக்கும் அதற்குக் கீழே விடை வந்திருந்தால், எங்கோ ஒரு ஃபால்ட்டை எண்ணாமல் விட்டிருக்கிறோம். ஷெட்யூலிங் பகுதியில் 5, 3, 1 மூன்றையும் கூட்டினால் 9. இடையில் சிபியு சும்மா இருக்காததால் எல்லா ஓட்டமும் 9-இல் முடிய வேண்டும்.

உண்மையான எல்ஆர்யூவை அப்படியே நடத்த, ஒவ்வொரு முறை நினைவகத்தைத் தொடும்போதும் நேரத்தைக் குறித்துவைக்க வேண்டும். அவ்வளவு செலவு தாங்காது. வழக்கமான சிபியுக்கள் தருவது பேஜுக்கு ஒரே ஒரு பிட்: தொட்டால் 1. இதை வைத்து நடக்கும் இரண்டாம் வாய்ப்பு முறை ஃபிஃபோ வரிசையில்தான் நடக்கிறது. பழைய பேஜின் பிட் 1 என்றால் அதை 0 ஆக்கிவிட்டு அடுத்ததைப் பார்க்கும், 0 என்றால் வெளியேற்றும். எல்லாப் பிட்டும் 1 என்றால் ஒரு முழுச் சுற்று வந்து, முதலில் பார்த்த பேஜையே வெளியேற்றிவிடும், அதாவது பழையபடி ஃபிஃபோ. பேஜ் உள்ளே வரும்போதே பிட்டை 1 ஆக வைப்பதா, அல்லது அதற்குப் பிறகு தொடும்போது மட்டும் 1 ஆக்குவதா என்பது புத்தகத்துக்குப் புத்தகம் மாறும். இந்தக் கேள்வி வந்தாலும் முதல் வரியில் அதை எழுதிவிட்டுத்தான் கட்டம் போடத் தொடங்க வேண்டும்.