எல்லோருக்கும் புள்ளி கிடைக்கும் விளையாட்டு விழா: நடத்துவது எப்படி?

அரசு நிதியுதவி அல்லது அங்கீகாரம் பெற்ற பள்ளிகள், மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு விளையாட்டிலும் சமவாய்ப்பு அளிக்க வேண்டும் என மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 16-ஆவது பிரிவு கூறுகிறது. ஆனால், ஓட்டப்பந்தயம், இசை நாற்காலி போன்றவற்றில் பின்தங்கும் குழந்தை விரைவில் பார்வையாளராகிவிடுகிறது. இதற்கு மாற்றாக, போட்டியற்ற நிகழ்வுகளை நடத்தலாம்.

வளையத்துக்குள் மணல் பை வீசுவது அதற்கு எளிய எடுத்துக்காட்டு. வெவ்வேறு வகுப்புகளைச் சேர்ந்த 6 பேர் ஒரு குழு. வளையத்திலிருந்து 1, 2, 3 மீட்டர் தொலைவில் கோடுகள் போடப்படும். எங்கிருந்து வீசுவது என்பதைக் குழந்தையே முடிவு செய்யும். எந்தக் கோட்டிலிருந்து வீசினாலும், பை உள்ளே விழுந்தால் 1 புள்ளி. தொலைவுக்குக் கூடுதல் புள்ளி அளித்தால், பெரிய மாணவர்களே அதைக் குவித்துவிடுவர்.

பெரியவர்கள் அருகில் நின்றே புள்ளி சேர்ப்பதைத் தவிர்க்க, தொடர்ந்து 3 முறை வென்றவர் ஒரு கோடு பின்னால் செல்ல வேண்டும். தொடர்ந்து தவறவிடுபவருக்கு வளையம் அருகே நகர்த்தப்படும். சக்கர நாற்காலியில் இருப்பவர் அமர்ந்தபடியே வீசலாம். பார்வைக் குறைபாடு உடையவருக்கு, வளையத்தின் பின்னால் நிற்பவர் கை தட்டித் திசை காட்டலாம்.

வரிசை நீண்டால் ஏற்பாட்டில் குறை இருக்கிறது என்று பொருள். ஒரே வளையம் என்றால் 5 பேர் காத்திருப்பர். 3 வளையங்கள் வைத்தால் ஒவ்வொன்றிலும் ஒருவர் மட்டுமே காத்திருப்பார்.

குழுக்களின் புள்ளிகளைத் தனித்தனியே அறிவித்தால் மீண்டும் போட்டியாகிவிடும். எனவே, அனைவரது புள்ளிகளையும் கூட்டி, ஒரே எண்ணாக அறிவிக்க வேண்டும். கடைசிக் குழந்தையின் புள்ளியும் அதில் சேர்ந்திருக்கும்.